நாலு நாள் தாங்கும் தேங்காய் உருண்டை

தையல்காரம்மாவுக்கு நாக்கில்தான் கத்தரிக்கோல். வெளிநாட்டில் படிக்கும் மகன் லீவு முடிந்து கிளம்பியபோது, எதை எப்போது தின்ன வேண்டும் என்று உத்தரவு போட்டுத்தான் அனுப்பினாள். "முறுக்கு ஒரு மாசம் கெடாது. தேங்காய் உருண்டை நாலு நாளைக்கு மேல தாங்காது, அதை முதல்ல காலி பண்ணு!"

பத்து நாள் கழித்து போனில் கேட்டாள். "உருண்டை எப்படிடா இருந்துச்சு?"

"சூப்பர்மா! இப்பக்கூட ஒண்ணு சாப்பிட்டேன். அப்படியே புதுசா இருக்கு."

"பத்து நாள் கழிச்சா? புளுகாதே! இந்நேரம் ஊசிப்போய் நூல் விட்டிருக்கும்."

மகன் வழிக்கு வந்தான். "பெட்டியில உருண்டையே இல்லம்மா. வைக்க மறந்துட்டோம்னு தெரிஞ்சா நீ வருத்தப்படுவியேன்னுதான்..."

மறப்பதா, அவளா? பெட்டியைக் கடைசியாக எடை போட்ட கணவர் பக்கம் மெல்லத் திரும்பினாள். அவர் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"எடை கூடிப்போச்சு. ஒரு டப்பாவை வெளிய எடுத்தேன்," என்றார்.

"எடுத்து?"

"நாலு நாளைக்கு மேல தாங்காதுன்னு நீதானே சொன்னே? பயந்துபோய் ரெண்டே நாள்ல முடிச்சிட்டேன்."