பின்சீட்டுக்குப் போன பெட்டிகள்

பிரேம்காரர் என்றால் அந்தத் தடத்திலுள்ள எல்லா மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கும் தெரியும். மொத்த வியாபாரக் கம்பெனியிலிருந்து பிரேம்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்டி, ஆர்டர் பிடித்து வருவது அவர் பிழைப்பு. இருபது வருடங்களுக்கு மேலாக அதே பாதை, அதே கடைகள், கடைவாசலில் ஏறும்போது முகத்தில் மாட்டிக்கொள்ளும் அதே சிரிப்பு. ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டுவது அவருக்குச் சர்வசாதாரணம். மாதிரிகள் அடுக்கிய நான்கு பெரிய பெட்டிகள் வண்டியின் டிக்கியில் எப்போதும் இருக்கும்.

போன வருடம் அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. கல்லூரிப் படிப்பில் இன்னும் பாதி பாக்கியிருந்தது. காரியங்கள் முடிந்ததும் பிரேம்காரர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சாப்பிட முடிந்தது, தூங்க முடிந்தது, பேரம்கூடப் பேச முடிந்தது. இப்படிப்பட்ட மனுஷன் நல்ல மனுஷன்தானா என்று சில சமயம் தன்னையே கேட்டுக்கொள்வார். அந்தக் கேள்வியும் வலிக்கவில்லை.

அவர் மனைவிக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் அவர் வண்டியைக் கிளப்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள். முன்சீட் காலியாகக் கிடக்க, வாடகைக் காரில் போகிறவள் மாதிரி அவள் பின்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவாள். கடைகளில் இறங்க மாட்டாள், பெட்ரோல் பங்க்கிலும் இறங்க மாட்டாள். தன் பக்கத்தில் உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை என்று பிரேம்காரர் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு நாள் முன்னால் போயிருக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு இருக்கும், அந்தக் கோபம் என் மேல்தானே இருக்க முடியும் என்று நினைத்தார். கேட்டுவிட்டால் அவள் வருவதையே நிறுத்திவிடக்கூடும். கேட்காமல் விட்டார்.

இந்த நேரம் பார்த்துப் பழைய பெட்ரோல் கார் படுத்துவிட்டது. இதற்கு மேல் செலவு செய்வது வீண், புதுசு வாங்குங்கள் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். எந்த வண்டி என்ற கேள்வி வந்ததும் மனைவியின் தம்பி ஆஜரானான். டாக்சி ஓட்டுகிறவன். கம்பெனியிலேயே எரிவாயு சிலிண்டர் பொருத்தி வந்த சி.என்.ஜி. கார் வைத்திருந்தான், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டான்.

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மாமா மாதிரி ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்த வண்டியே செய்திருக்கிறார்கள் என்றான். பெட்ரோலுக்குக் கொடுப்பதில் ஏறக்குறைய பாதிதான் எரிவாயுவுக்கு ஆகும். வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் விலை, இந்த ஓட்டத்துக்கு ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பிவிடும். ஆடிக்கொரு தரம் வண்டி எடுக்கிறவன் வேண்டுமானால் பெட்ரோலில் ஓட்டட்டும். வெளியே எரிவாயு கிட் மாட்டினால் வாரண்டி போய்விடும், கம்பெனி பொருத்தியதில் அந்தத் தலைவலி இல்லை. எரிவாயு தீர்ந்தாலும் பெட்ரோல் டேங்க் தனியாக இருக்கிறது, நடுரோட்டில் நிற்க வேண்டியதில்லை.

பிரேம்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் பெட்ரோல் கார்தான் என்றார். மச்சான் திகைத்துப் போனான். பங்க்கில் வரிசை நீளமாமே என்று அவர் ஒரு சாக்கு சொன்னார். நீளம்தான் என்று அவனும் ஒப்புக்கொண்டான், மாலையில் எரிவாயு அழுத்தம் குறைந்துவிட்டால் காத்திருந்தும் முழுசாக நிரம்பாது. ஆனால் அதற்காக வருஷம் முழுக்கப் பணத்தைக் கொட்டுவார்களா என்று கேட்டான். டிக்கியில் பாதியைச் சிலிண்டர் அடைத்துக்கொள்ளுமே, என் பெட்டிகளை எங்கே வைப்பது என்றார் இவர். பின்சீட்டில் வைங்க, அங்கே யார் உட்காரப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, மச்சான் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அக்கா எங்கே உட்காருகிறாள் என்று அவனுக்கும் தெரியும்.

உண்மையில் கணக்கு அங்கேதான் இடித்தது. பெட்டிகள் பின்சீட்டுக்கு வந்தால் அவள் வீட்டில் தங்கிவிடுவாள். அந்த வீட்டில், மகளின் சாத்திய அறைக்கு எதிரில், நாள் முழுவதும் தனியாக இருப்பாள். அதற்குப் பெட்ரோல் காசு எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அவருக்கு வரவில்லை.

மச்சான் விடாக்கண்டன். தனக்கு இரண்டு நாள் வேறு வேலை இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள் என்று தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான். டிக்கியில் ஒரு பெட்டிக்குமேல் நுழையவில்லை. மற்ற மூன்றையும் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தும்போது பிரேம்காரருக்குக் கை கொஞ்சம் தயங்கியது. அவள் இறங்கி வந்தாள். பின்னால் பார்த்தாள். முன்கதவைத் திறந்து உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது அவருக்கு. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சந்தோஷம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை.

அன்று மாலை கடைகளை முடித்துக்கொண்டு திரும்பும்போது எரிவாயு முள் அடியில் நின்றது. பங்க்குக்கு வெளியே டாக்சிகளும் ஆட்டோக்களும் தெருமுனை வரை நின்றிருந்தன. வண்டியை அணைப்பதும், கிளப்பி ஒரு கார் நீளம் நகர்வதும், மறுபடி அணைப்பதுமாகப் பொழுது போயிற்று. முன்னால் இருந்த வண்டியின் பின்பக்கத்தை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முறை வந்ததும் பங்க்கில் வேலை செய்பவர் கையைக் காட்டி எல்லாரையும் இறங்கச் சொன்னார். நிரப்பும்போது வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது, அது அங்கே விதி. பெட்ரோல் பங்க்கில் ஒரு வருடமாக இறங்காதவள் இறங்கினாள். மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் இருவரும் நின்றார்கள். குழாயை மாட்டியதும் சீறல் சத்தம் கேட்டது.

"பெட்ரோல் வண்டிதான் வாங்குவேன்னு சொன்னீங்களாமே. தம்பி சொன்னான்" என்றாள். "எனக்காகவா?"

"நீ உக்கார பின்னாடி எடம் வேணும்ல."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை கிட்டத்தில் அவள் முகத்தை அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்த முகத்தில் அவர் தேடிய கோபம் இல்லை.

"எனக்கு எதுக்குங்க பின்னாடி எடம்? நான் பக்கத்துல இருந்தா நீங்க அழமாட்டீங்க. அதான் பின்னாடி உக்காந்தேன்."

பின்னால் வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். பிரேம்காரர் உள்ளதைச் சொன்னார்.

"நீ பின்னாடி இருந்தப்பவும் வரலம்மா."

"தெரியும். உங்க முதுகப் பாத்துக்கிட்டேதானே வந்தேன்."

"உனக்கு?"

"எனக்கும் வரல" என்றாள்.

சீறல் நின்றது. அழுத்தம் இவ்வளவுதான், முக்கால்வாசிதான் ஏறியிருக்கிறது, மீதிக்கு நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று பங்க்காரர் குழாயைக் கழற்றினார். பிரேம்காரர் பணத்தைக் கொடுத்தார். அவள் தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். வெளிவாசலைத் தாண்டும்போது கியர் மாற்றிய அவர் கை மேல் அவள் தன் கையை வைத்தாள். அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்தது, ஆனால் உறைக்கவில்லை. உறைக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று அடுத்த கியருக்கு மாறாமலே ஓட்டினார்.