வராமல் போன கியர் வரி

எழுபதுகளின் கடைசியில் தேனியில் ஒரு நூல் மில்லில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கிருந்த ஹெட் கிளார்க்கை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நூற்புப் பிரிவுக்குத் தலைவரான எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர் வடக்கத்திக்காரர், தமிழ் வராது. வேலையை விட்டுப் போகும்போது மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, தமிழாக்கி, வழியனுப்பும் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நீங்கள் இல்லாதது எனக்குக் குறையாக இருக்கும் என்ற பொருளில் ஒரு வரி. அப்படியே எழுதினால் ஆபீஸ் கடிதாசி ஆகிவிடும். "உங்களை என் கண்ணு தேடும்" என்று எழுதினேன். வெற்றி பெற வாழ்த்தியிருந்ததை "பிள்ளைகுட்டியோட நல்லா இருங்க" என்று மாற்றினேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்து, அதன் அர்த்தத்தை மறுபடி ஆங்கிலத்தில் சொன்னேன். சரி, சரி என்று தலையாட்டினார்.

ஒரு வரியை மட்டும் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் கியர் பல் உடைந்தபோது ஒரு ஃபிட்டரை எல்லோர் முன்னாலும் கவனமில்லாதவன் என்று திட்டியிருந்தார். கியரே விரிசலோடு வந்த மட்டமான சரக்கு என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் அந்த ஃபிட்டருக்குப் 'பல்லொடச்சான்' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. அந்த மனிதர் கேன்டீனுக்கு வருவதையே விட்டிருந்தார். "கியர் உடைஞ்சது உங்க தப்பில்ல. எல்லார் முன்னாடியும் திட்டுனேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்" என்று எழுதினேன். 'கியர்' என்று காதில் விழுந்ததும் அவர் பக்கத்தில் போய் நிற்பேன் என்றார் மாஸ்டர்.

தாளைப் பார்த்த ஹெட் கிளார்க் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

"அவுக எழுதுனதுதான் சார் அது."

"மாஸ்டர் போயி ஃபிட்டர்கிட்ட மன்னிப்புக் கேக்குறதா? நாளைக்கு இவனுக நம்மள மதிப்பானுகளா? நீ டைப் அடிக்கிற வேலையப் பாரும்மா."

வாசிக்கும் வேலையையும் அவரே பிடுங்கிக்கொண்டார். கேன்டீனில் ஆட்கள் நின்றார்கள். மாஸ்டரே சொல்லியனுப்பியதால் அந்த ஃபிட்டரும் வந்து ஓரமாக நின்றார். "பெருமதிப்பிற்குரிய தொழிலாளத் தோழர்களே" என்று தொடங்கினார் ஹெட் கிளார்க். என் தமிழையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டுக் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி ஏதோ வாசித்தார். யாரோ கொட்டாவி விட்டார்கள். மாஸ்டர் ஒரே சொல்லுக்காகக் காதைத் தீட்டி, ஃபிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சொல் வரவே இல்லை. "நன்றி, வணக்கம்" என்று தாள் மடிந்தது. மாஸ்டர் திகைத்து என்னைப் பார்த்தார்.

இன்னொருவர் கேட்கும் மன்னிப்பை அடித்துப்போட இவர் யார்? எழுந்தேன். "இன்னும் ஒரு வரி இருக்கு" என்று, மனப்பாடமாக இருந்ததைச் சத்தமாகச் சொன்னேன். 'கியர்' என்றதுமே மாஸ்டர் விறுவிறுவென்று நடந்துபோய் ஃபிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஃபிட்டர் கையை விடுவிக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கம்மா. பின்னாடி நிக்கிறவுகளுக்குக் கேட்டிருக்காது."

சொன்னேன், ஹெட் கிளார்க்கின் முகத்தைப் பார்த்தே.