பார்க்க மட்டும்

ஏணிக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வருடமாகக் கேமரா மாட்டுகிறவர். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். அவருக்கு ஆகாத ஒன்று உண்டு. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடும் ஆட்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெயிண்ட் கடையில் அதுதான் நடந்திருந்தது. வேறு யாரோ மாட்டிய ரெக்கார்டர், கேமராப் படங்களைச் சேமிக்கும் பெட்டி. உள்ளே நுழையும் பெயர் அட்மின், பாஸ்வேர்டு ஒன்று முதல் ஆறு வரை. டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். ஒரு வாரப் பதிவு மொத்தமும் காணவில்லை. கால் ஆபரேஷனாகி வீட்டில் படுத்திருந்த முதலாளிக்குச் சந்தேகம் மேனேஜரம்மா மேல். விஷயம் தெளிகிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒன்பது வருடம் அந்தக் கடையைக் கட்டிக் காத்தவள் அவள்.

முதலாளி சொல்லியனுப்ப, ஏணிக்காரர் கடைக்கு வந்து, யார் எப்போது என்ன செய்தார்கள் என்று ரெக்கார்டர் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்தார். செவ்வாய் மதியம், அட்மின், ரிமோட், ஹார்ட் டிஸ்க் ஃபார்மட். அதாவது டிஸ்கில் இருந்ததெல்லாம் துடைத்தாயிற்று. கடைக்குள்ளிருந்து மவுசால் செய்யவில்லை, வெளியிலிருந்து யாரோ செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பெயர் என்பதால் ஆள் யார் என்று பெட்டி சொல்லாது.

முதலில் அட்மினுக்கு நீளமான புது பாஸ்வேர்டு போட்டார். பிறகு முதலாளிக்குத் தனிப் பெயர் உண்டாக்கி, நேரலையும் பழைய பதிவும் வெளியிலிருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். செட்டிங், ஃபார்மட் எல்லாவற்றிலும் டிக்கை எடுத்துவிட்டார். அப்புறம் முதலாளி வீட்டுக்குப் போய், அவர் போனில் பழைய நுழைவை அழித்துப் புதியதைப் போட்டுக்கொடுத்தார்.

முதலாளி முகம் சுருங்கியது. கடை தன்னுடையது, தனக்கே பூட்டா என்று கேட்டார். பூட்டு திருடனுக்கு மட்டுமில்லை, தவறிப்போய் அழுத்துகிற விரலுக்கும்தான் என்று சொல்லிவிட்டு, ஏணிக்காரர் செவ்வாய் மதியம் போனில் ஏதாவது தொட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று காட்டியதாம். இடம் பண்ணிக்கொடுப்போம் என்று எதையோ அழுத்தினாராம். நிறைந்தால் அதுவே பழையதன்மேல் எழுதிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. சொல்லச் சொல்லக் குரல் தாழ்ந்துவிட்டது. அவருக்கு உண்மையிலேயே வெட்கமாயிருந்தது, ஏணிக்காரருக்குப் பாவமாகவும் இருந்தது.

முதலாளியே மேனேஜரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தப்பு என்னோடதும்மா. நான்தான் அழிச்சிருக்கேன். நாளைக்கு வந்துடு. அட்மின் பாஸ்வேர்டை ஏணிக்காரர் ஒரு கவர்ல போட்டுத் தருவார், அது உங்கிட்டயே இருக்கட்டும். எனக்குப் பார்க்க மட்டும் போதும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பழைய குரல் வந்தது.

"சரி ஐயா. நீங்க பாருங்க. நான் பாத்துக்கறேன்."