பெரியப்பாவின் ஒரே ஜோக்

மண்டபத்து மைக்கைப் பெரியப்பா பிடிக்கும் விதமே தனி. இரண்டு விரலால் தட்டிப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், அம்மா எந்த வரிசையில் இருக்கிறாள் என்று தேடுவார். பிறகு அது வரும். "எங்க தம்பி பொண்டாட்டி பத்தாவது மூணு தடவ எழுதுனா. பேரு மட்டும்தான் பாஸாச்சு!" அரியலூரில் எங்கள் சொந்தத்தில் நடந்த காதுகுத்து, நிச்சயம், வளைகாப்பு எதுவும் அதற்குத் தப்பியதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அம்மா யாரையும் பார்க்கமாட்டாள். அந்தச் சிரிப்புகளையெல்லாம் நான் ஆள் ஆளாக ஞாபகம் வைத்திருந்தேன்.

இன்று பெரம்பலூரில் ஒரு சிறிய அனிமேஷன் நிறுவனத்தில், கூட்டுக் குடும்பம் ஒன்றைப் பற்றிய இணையக் கார்ட்டூன் தொடருக்கு நகைச்சுவை எழுதுகிறேன். ஓர் அத்தியாயம் முழுவதும் என் பொறுப்புக்கு வந்ததும் பெரியப்பாவை எழுதினேன். செருமலையும் விடவில்லை, ஜோக்கிலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ஒரே ஜோக் திரும்பத் திரும்ப வரவேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் அது சுருங்கவேண்டும், ஏதாவது ஒன்று மாறவேண்டும். முதல் தடவை முழுதாகச் சொல்கிறார், கூட்டம் சிரிக்கிறது. இரண்டாம் தடவை பாதியில் கரண்ட் போகிறது. மூன்றாம் தடவை செருமுகிறார், அவ்வளவுதான், பந்தல் நாய் எழுந்து ஓடுகிறது. பார்ப்பவர்கள் அவரை மறக்கவேண்டும் என்பதற்காக நடுநடுவே காணாமல் போன தாலிச் சங்கிலியைத் தேடும் கதையை ஓடவிட்டேன்.

முடிவுதான் உதைத்தது. அவருடைய அறுபதாம் கல்யாணத்தில் தம்பி மனைவி மைக்கைப் பிடுங்கி ஒரு பக்கத்துக்குத் திட்டுவதாக எழுதியிருந்தேன். ஆபீசில் வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் எழுத்துக் குழுவின் தலைவியான அக்கா சொன்னார்: "நீ திட்டுறப்பல்லாம் அவருதான் ஜெயிக்கிறாரு. அந்த வரிய அவருகிட்டேருந்து புடுங்கிடு."

வசவை முழுவதும் வெட்டினேன். கடைசிக் காட்சியில் அவர் ஒருமுறையாவது உருக்கமாகப் பேச நினைத்து மைக்கை வாங்குகிறார். செருமுகிறார். பந்தலே முந்திக்கொண்டு கத்துகிறது: "பேரு மட்டும்தான் பாஸாச்சு!" முதலில் வந்த ஜோக்தான், ஆனால் இப்போது அடி அவருக்கு. கோட்டோவியங்களைத் தற்காலிகக் குரல்களோடு ஓட்டிப் பார்த்தோம். செருமலுக்கும் கத்தலுக்கும் நடுவே மௌனத்தை நீட்டச் சொன்னேன். பார்ப்பவர் மனசில் அந்த வரி முதலில் வந்துவிட வேண்டும், பிறகுதான் பந்தல் கத்தவேண்டும். அவருடைய திறந்த வாயோடு படம் முடிந்தது.

அத்தியாயம் வெளியான பிறகு ஆண்டிமடத்தில் ஒரு காதுகுத்து. நிஜப் பெரியப்பா அதைப் பார்த்திருக்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். "எங்க தம்பி பொண்டாட்டி..." என்று ஆரம்பித்தார். மிச்சத்தைப் பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள். மண்டபம் அதிர்ந்தது. இந்த முறை யாரும் அம்மாவைப் பார்க்கவில்லை. ஒன்றும் புரியாமல் அவரும் சிரிக்கப் பார்த்தார். யாரோ அவர் கையில் போனைக் கொடுத்தார்கள். பார்த்து முடித்ததும் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் எந்த விருந்துச் சாப்பாட்டிலும் கிடைக்காத ருசி அந்த முகத்தில் இருந்தது.

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டினார். அப்பா பந்தியிலிருந்து பாதி எழுந்தார். "அண்ணன் சாப்புடாம போறாருடி."

பக்கத்து இலையிலிருந்த அம்மா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. பாயசம் நல்லாருக்கு."