கடிதத்தின் நான்காம் பந்தி

கடிதம் எழுதத் தெரியாதவள் அல்ல நான். பதினொரு வருட ஆசிரியத் தொழிலில் லீவுக் கடிதம், விளக்கக் கடிதம், இடமாற்ற விண்ணப்பம் என்று எழுதிக் குவித்திருக்கிறேன். ஆனாலும் ரோபோட்டிக்ஸ் கழகத்துக்கு ஒரு த்ரீடி பிரின்டர் கேட்டு அதிபருக்கு எழுதிய கடிதம் எனக்கு நன்மை செய்ததா தீமை செய்ததா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் முழிப்பேன்.

என் வீடு சாய்ந்தமருதில். பாடசாலை பொத்துவில் பக்கம். விடியற்காலை ஐந்தரைக்கு ஆசிரியர்களை ஏற்றிப் போகும் வேன் வரும். அதில் ஏறினால் மாலை நாலு மணிக்குத்தான் வீடு. கணவர் கட்டாரில் வேலை. நாலு வயது மகளை என் மூத்த சகோதரி, ராத்தா பார்த்துக்கொண்டாள். பிள்ளை விழுந்து முழங்காலை உரசிக்கொண்டால், கையை நீட்டிக்கொண்டு நிற்கும் என்னைத் தாண்டி ஓடிப்போய் ராத்தாவின் மடியில் ஏறும். ராத்தா சங்கடத்தோடு என்னைப் பார்ப்பாள். நான் உடுப்பு மாற்றப் போவதுபோல் அறைக்குள் போய்விடுவேன். மூன்று வருடமாக இடமாற்றம் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை கட்டாயம் பெயர் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

போகத்தான் போகிறேன், கழகத்தை வெறுங்கையோடு விட்டுப் போகக்கூடாது என்று ஒரு நினைப்பு. அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கழகம் என்றால் எட்டுப் பிள்ளைகள், ஒரு மேசை, ஒரு பழைய மடிக்கணினி. தரையில் கீறிய கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் வண்டி ஒன்றும் பொருளைத் தூக்கும் கை ஒன்றும் செய்திருந்தார்கள். வண்டிக்குச் சில்லு போத்தல் மூடி. கைக்கு மூட்டு காட்போட்டும் பசையும். மாகாணப் போட்டியில் நடுவர் முன்னால் அந்தப் பசை வெயிலுக்கு இளகி, கை தொங்கிவிட்டது. பிள்ளைகள் அழவில்லை. நான்தான் மண்டபத்துக்கு வெளியே போய் அழுதேன். பக்கத்து மேசைக்காரர்களிடம் பிரின்டரில் அடித்த பிளாஸ்டிக் மூட்டு இருந்தது. அவர்கள் எங்கள் பிள்ளைகளை விடக் கெட்டிக்காரர்கள் அல்ல.

அன்று மாலையே வேனில் இருந்தபடி கடிதத்தை எழுதத் தொடங்கினேன். விடயம், தேவை, பயன். பிறகு செலவு: பிரின்டர் ஒரு இலட்சத்துப் பதினையாயிரம், அதற்குப் போடும் பிளாஸ்டிக் இழை நாலு சுருள் இருபத்துநாலாயிரம், மின்சாரம் நின்றால் சற்று நேரம் தாங்க ஒரு யூபிஎஸ் இருபத்தெட்டாயிரம், இழை உருகி வழியும் நொசிலில் உதிரி ஒன்றும் திருத்தும் ஆயுதங்களும் ஐயாயிரம். எல்லாமாக ஒரு இலட்சத்து எழுபத்திரண்டாயிரம். அத்துடன் மூன்று கடைகளின் விலைமனுக்கள்.

எங்கள் புவியியல் ஸேர் நல்ல மனிதர். எழுதியதைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

“சாமானப் பத்தி எல்லாம் எழுதியிரிக்கிங்க டீச்சர். ஆளப் பத்தி ஒண்டுமில்லையே. வாங்கித் தந்தா ஆரு பாக்கிற எண்டுதான் சங்கத்துப் பொருளாளர் ஹாஜியார் முதல்ல கேப்பாரு. ஸ்மார்ட் போட்டுக்கு நடந்தது தெரியுந்தானே.”

தெரியும். முன்பு யாரோ அன்பளிப்புச் செய்த ஸ்மார்ட் போட் என்ற தொடுதிரைப் பலகை, அதைப் பழகியிருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனதோடு சுவரில் சும்மா தொங்கியது. அதில் பிள்ளைகள் மீலாத் விழா அறிவித்தலை ஒட்டியிருந்தார்கள். ஆகவே நாலாவது பந்தியாக இதைச் சேர்த்தேன்: “மேற்படி இயந்திரத்தை இயக்கவும் பராமரிக்கவும் பயிற்சி பெற்றவர் இப்பாடசாலையில் நான் ஒருவர் மட்டுமே. அதன் முழுப் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொள்கிறேன் என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்.” எழுதியபோது மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அதிபர் கடிதத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வைத்தார். பொருளாளர் ஹாஜியார் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், ஆணி விலையிலிருந்து அளந்துதான் பேசுவார்.

“இந்த யூபிஎஸ் என்னத்துக்கு? கரண்ட் போனா வந்த பொறகு அடிக்கலாந்தானே.”

“ஒரு மூட்டு அடிக்க அஞ்சு மணித்தியாலம் எடுக்கும் ஹாஜியார். நாலாவது மணித்தியாலத்துல கரண்ட் வெட்டு வந்தா அவ்வளவும் வீண். இழையும் வீண்.”

“அப்ப போடுங்க” என்றார். பிறகு நாலாம் பந்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். “மாஷா அல்லாஹ். பொறுப்பெடுக்க ஆள் இரிக்கு. இத அப்பிடியே கூட்டக் குறிப்புல எழுதுங்க.” செயலாளர் எழுதினார். ஒரு ரூபாயும் வெட்டாமல் அனுமதி கிடைத்தது. கொள்வனவுக் குழு கூடி, ஆறு கிழமையில் பெட்டி வந்து இறங்கியது. பொருட்பதிவேட்டில் என் பெயருக்கு நேரே பதிந்து, கையெழுத்தும் வாங்கினார்கள்.

முதல் மூட்டு அச்சாகி முடிந்து, தகட்டிலிருந்து அதைப் பெயர்த்து எடுத்தபோது பிள்ளைகள் ஆளுக்கு ஆள் கையில் வைத்துப் பார்த்தார்கள். இன்னும் சூடு ஆறவில்லை. அந்தக் கிழமைதான் இடமாற்றப் பட்டியலும் வந்தது. என் பெயர் இருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய பாடசாலை. ராத்தாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்று நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம். “ரோபோட்டிக்ஸ் துறையில் பயிற்சி பெற்ற பதிலாசிரியர் கடமையேற்றதன் பின்னரே விடுவிக்கப்படுவார்.” எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நான் விஞ்ஞான ஆசிரியை. என் நியமனக் கடிதத்தில் எந்த மூலையிலும் ரோபோட்டிக்ஸ் என்ற சொல்லே இல்லை. அப்படிப் பயிற்சி பெற்ற ஒருவர் பொத்துவிலுக்கு எங்கேயிருந்து வரப்போகிறார்?

லீவு போட்டுவிட்டு வலயத்துக்குப் போனேன். அங்கே இருந்த எழுதுவினைஞர் பெண் என் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள். “நீங்கதானே எழுதியிரிக்கிங்க டீச்சர்.” அதிபரின் ஆட்சேபணைக் கடிதம், அதற்குக் கீழே ஆதாரமாக என் பிரின்டர் கடிதத்தின் பிரதி. நாலாம் பந்திக்குச் சிவப்பால் கோடு. அதிபர் எழுதியிருந்தார்: “இவரது சேவை இப்பாடசாலைக்கு அத்தியாவசியமானது.”

பதினொரு வருடத்தில் என்னை அத்தியாவசியம் என்று ஒருவரும் எழுதியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணம் அந்தக் கோப்பைத் தூக்கி எறியவேண்டும்போல் இருந்தது. பஸ்ஸில் வரும்போது இந்த இரண்டில் எது உண்மையான நான் என்று யோசித்து, ஊர் வந்து சேரும்வரை ஒரு முடிவுக்கும் வரவில்லை.

மறுநாள் அதிபரிடம் போனேன். பேசத் தயாரித்து வைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

“நான் புள்ளைகளுக்காக எழுதினத எனக்கே விலங்காப் போட்டுட்டீங்களே ஸேர்.”

“அதுல பொய் ஏதும் இரிக்கா டீச்சர்?” அவர் குரலை உயர்த்தவில்லை. “ஒங்களுக்கு முந்தி ரெண்டு பேரு போனாங்க. ரெண்டு பேருக்கும் பிரியாவிடை வச்சி, பரிசும் குடுத்து அனுப்பினன். நல்ல அதிபர் எண்டு சொன்னாங்க. இந்தப் புள்ளைகளுக்கு என்ன மிச்சம்?”

கோபம் இன்னும் கூடியது. சரி, பொய்யாக்கிவிடுகிறேன் என்று நினைத்தேன். மனையியல் டீச்சரைப் பிடித்தேன். தையல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய கை, இரண்டு கிழமையில் இழை மாற்றவும் தகட்டை மட்டம் பார்க்கவும் நொசில் அடைப்பு எடுக்கவும் பழகிவிட்டது. என்னை விடப் பொறுமைசாலி. “இயக்கத் தெரிந்த இன்னொருவர் உளர்” என்று புதுக் கடிதம் எழுதி, அவரது பெயரைப் போடப் பேனாவை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் ஓட்டுறன் டீச்சர், ஒண்டும் பிரச்சினையில்ல. பேர மட்டும் எழுதிராதிங்க. நானும் அக்கரைப்பற்றுக்குக் கேட்டுப் போட்டிரிக்கன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரித்து முடிந்தபிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவருக்கும் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தக் கடிதத்தை மடித்து என் பையில் வைத்தேன்.

மனையியல் டீச்சர் பழகியதும் அவரது பெயரை நான் எழுதாமல் விட்டதும் எப்படியோ அதிபர் காதுக்கு எட்டிவிட்டன. ஒரு புதன்கிழமை இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். தமது ஆட்சேபணையை வாபஸ் பெறுவதாகவும் என்னை விடுவிப்பதில் தடையில்லை என்றும் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தியிருந்தார். தேதி இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“போகணும் எண்டு தோணுற நாளைக்கு நீங்களே தேதியப் போட்டு வலயத்துல கையோட குடுங்க. போட்டி முடியட்டும் எண்டு நெனச்சாலும் சரி, நாளைக்கு எண்டாலும் சரி. இனி நான் புடிக்க மாட்டன் டீச்சர்.”

அவர் விட மறுத்திருந்தால் அவரைத் திட்டிக்கொண்டே காலம் கழித்திருப்பேன். அது சுகமாக இருந்திருக்கும். அடுத்த மாகாணப் போட்டிக்கு ஏழு கிழமை இருந்தது. இரண்டு நாள் யோசிப்போம், கணவரோடு கதைப்போம், ராத்தாவைக் கேட்போம் என்று மனம் ஒழுங்காகத்தான் சொன்னது. கை அவருடைய மேசையிலிருந்த பேனாவை எடுத்து அன்றைய தேதியைப் போட்டுவிட்டது. அவ்வளவு விரைவாகச் செய்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் தேதியைப் பார்த்தார், பேனாவை வாங்கி மூடினார்.

திரும்பும் வழியில் கழக அறையில் பிள்ளைகள் புதுக் கையின் விரலை அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் அடுக்கு தகட்டில் ஒட்டவில்லை என்று ஒருத்தி சொன்னாள். தகட்டை நன்றாகத் துடைத்து, சூட்டை ஐந்து பாகை கூட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒட்டியது. “விரல் முடிய ஒண்டரை மணித்தியாலமாம், நிண்டு பாப்பீங்களா டீச்சர்?” என்று கேட்டார்கள்.

“ஓம் புள்ள, வாறன்” என்று சொல்லிவிட்டு, அரைநாள் லீவு போட்டு, அந்தத் தாளோடு வலயத்துக்கு பஸ் ஏறினேன்.