அட்டையின் வலப்பக்கம்

பிழைக்கப் போன வெளிநாட்டில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் பெரியவள். மடித்து அடுக்கியவள் அவளுடைய ஓரகத்தி, சின்னவள். இருவருக்கும் ஒரே நாளில் பணி ஓய்வு. உடன் வேலை செய்தவர்கள், தங்கள் பாஷையில் கையால் எழுதிய ஒரே அட்டையை இருவருக்குமாகக் கொடுத்தார்கள். இடப்பக்கம் பெரியவளுக்கு, வலப்பக்கம் சின்னவளுக்கு.

அட்டை போனது சின்னவள் வீட்டுக்கு. அதிலேயே பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அன்று அவள் தொட்ட சட்டைகளுக்கு இஸ்திரிப்பெட்டி தேவைப்படவில்லை என்றால் நம்புங்கள்.

சின்னவள் அட்டையை விரித்துப் படமெடுத்து அனுப்பினாள். "அக்கா, உங்க போன்லதான் தமிழ்ல மாத்த வருது. பாத்துச் சொல்லுங்க. வழியனுப்பு விருந்துல நாலு வார்த்தை பேசணுமே!"

பெரியவள் படத்தைப் போனின் மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தாள். போன் இரண்டு பக்கத்தையும் ஒரே வரியாக வாசித்துக் குழப்பியது. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் பளிச்சென்று வந்தது: 'நீங்கள் இல்லாமல் இந்த அறை வெறிச்சோடிவிடும்.'

"எனக்குத்தான்!" என்று துள்ளினாள்.

"அம்மா, பக்கத்தை வெட்டித் தனித்தனியாக் குடு. இல்லாட்டி கலந்துதான் வரும்," என்றாள் மகள்.

வெட்டினாள். இடப்பக்கம்: 'எந்திரத்தை மறக்காமல் அணைத்தீர்கள். நன்றி.' வெறிச்சோடும் அறை முழுவதும் வலப்பக்கத்தில் இருந்தது.

அவள் சின்னவளுக்கு அனுப்பிய பதில்: "எல்லாம் நன்றி நன்றின்னுதான் இருக்கு. நீயும் நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துக்கோ."

தன் பேச்சை மட்டும் செதுக்கினாள். சின்னச் சின்ன வாக்கியமாகத் தமிழில் அடித்து, அவர்கள் பாஷைக்கு மாற்றி, சரிபார்க்கத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தாள். 'கைகொடுத்தீர்கள்' என்றது 'உங்கள் கைகளை எனக்குத் தந்தீர்கள்' என்று திரும்பி வந்தது. பயந்துபோய் 'உதவினீர்கள்' என்று மாற்றினாள். போனை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தாளில் எழுதிக்கொண்டாள்.

விருந்தில் ஒரு சொல் பிசகாமல் பேசினாள். கண்ணியமாகக் கைதட்டினார்கள்.

சின்னவள் எழுந்து, அவர்கள் பாஷையில் "நன்றி" என்றாள். அடுத்த சொல் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அறையே எழுந்து நின்றது. மேற்பார்வையாளர் அம்மாள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பெரியவள் தன் தாளை எட்டாக மடித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் சின்னவள் கேட்டாள்: "அக்கா, எல்லாரும் எழுந்து நின்னாங்களே, நிஜமாவே நன்றி மட்டுந்தானா எழுதியிருந்தாங்க?"

பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள். மறைக்கவும் முடியவில்லை, முழுசாகக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

"நாம ரெண்டு பேரும் இல்லாட்டி அந்த அறை வெறிச்சோடிப் போயிடுமாம்."

சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்க்கா. உங்களை நெனச்சுத்தான் எழுதியிருப்பாங்க. என்னையும் சேத்துக்கிட்டாங்களே, அதுவே பெருசு."