ஒன்பது வயது மகளோடு வருவேன்

அஞ்சலீனா பிரெஞ்சு பேசும் கனேடிய நகரமொன்றில், சென்ட் லோரன்ட் பகுதியில், ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைகளைப் பரிசோதிப்பவள். கணவர் இறந்து ஆறு வருடமாகியிருந்தது. 2006இல் தங்கை றொஷினி விடாப்பிடியாக நின்று, இணையத் திருமணத் தளமொன்றில் அவளுக்கு ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது படமும் ஒருவரித் தலைப்பும்தான். ‘அமைதியான கத்தோலிக்கப் பெண், நிரந்தர வேலை’ என்று றொஷினி எழுதினாள். மகள் அனோஜினியைப் பற்றிய விபரம் பக்கத்தின் உள்ளே மட்டும் இருந்தது.

அஞ்சலீனாவுக்கு அது உறுத்தியது. ‘ஒன்பது வயது மகளோடு வருவேன்’ என்று வேறொரு தலைப்பை எழுதிக் காட்டினாள்.

“அக்கா, இதைப் பாத்தா ஒருத்தரும் திறக்கவே மாட்டினம்.”

“அப்ப ரெண்டையும் போட்டுப் பாப்பம்.”

“படத்தையும் மாத்துவமே?”

“வேண்டாம். ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்தவேணும். இல்லாட்டி எதால வித்தியாசம் வந்ததெண்டு தெரியாது.”

புதிய பக்கங்களைத் தளம் முதலில் காட்டும் என்பதால் முதல் வாரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அதன்பின் ஒரு வாரம் அந்தத் தலைப்பு, மறுவாரம் இந்தத் தலைப்பு என நான்கு வாரங்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

தங்கையின் தலைப்பை 240 பேர் திறந்திருந்தார்கள்; நான்கு பேர் எழுதினார்கள். அவளுடையதைத் திறந்தவர்கள் 90 பேர்தான். எழுதியவர்கள் ஒன்பது பேர்.

றொஷினி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள். “என்ர தலைப்பைத் திறந்த மற்ற ஆக்கள் உள்ளுக்க பிள்ளையைக் கண்டிட்டுத் திரும்பிப் போயிருக்கினம்,” என்றாள் மெதுவாக.

அஞ்சலீனா தன் தலைப்பையே நிரந்தரமாக்கினாள். இத்தனை வருடம் மகளை யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல அறிமுகப்படுத்தி வந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒன்பது பேரில் ஒருவர் தேவதாசன். மன்னார்க்காரர், ஆற்றுக்கு அப்பால் இருக்கும் லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் வேலை. அவர் எழுதியது இரண்டே வரி: ‘மகளுக்கு என்ன பிடிக்கும்? அவவுக்கும் என்னைப் பாக்க விருப்பமோ எண்டு கேளுங்கோ.’

கேட்டாள். அனோஜினி யோசித்துவிட்டு, “அவருக்கு ஸ்கேட்டிங் தெரியுமா?” என்றாள்.

தெரியாது. ஆனாலும் தை மாதத்து ஒரு சனிக்கிழமை வந்து, பனித்தரையில் மூன்று முறை விழுந்தார். நான்காவது முறை விழப்போனபோது அனோஜினி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில் கண்டபடி அதட்டினாள். அவர் சிரித்தபடி, “சரி மிஸ்,” என்றார். கரையில் நின்ற அஞ்சலீனா முகத்தைத் திருப்பிக் கண்களைத் துடைத்தாள்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறக்கூடாதென்று தேவதாசன்தான் தாயும் மகளும் குடியிருந்த வில்லரேக்கு வீடு மாறி வந்தார். தினமும் இரண்டு மெட்ரோ பிடித்து லொங்குய்க்கு வேலைக்குப் போய்வருகிறார்.